மாலை நேர ஆங்கில வகுப்பின் முதல் நாள்: தமிழ்த் தொழிலாளர்களுக்கான வரவேற்புரையை அமைக்கும் முறை

சிங்கப்பூரின் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்யும் தமிழ்த் தொழிலாளர்களுக்கு மாலையில் ஆங்கிலம் கற்பிக்க முன்வரும் தொண்டூழியர்கள், பாடத்தை மிகுந்த அக்கறையுடன் தயாரித்துக்கொண்டு, முதல் நாள் பேச வேண்டிய பத்து நிமிடங்களை மட்டும் அந்த நேரத்தில் வாய்க்கு வந்ததைப் பேசிச் சமாளித்துவிடலாம் என்று விட்டுவிடுகிறார்கள். விடியற்காலையில் எழுந்து, லாரியில் தளத்துக்குப் போய், வெயிலில் நின்று, மீண்டும் லாரியில் தங்குவிடுதிக்குத் திரும்பி, குளித்து, அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு வகுப்பில் வந்து உட்கார்பவர், அடுத்த வாரமும் வருவதா வேண்டாமா என்பதை அந்தப் பத்து நிமிடங்களில்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறார். ஆகவே வரவேற்புரையையும் பாடத்தைப் போலவே முன்கூட்டி எழுதி, வாய்விட்டுப் படித்துப் பார்த்து, நேரம் கணக்கிட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

வந்திருப்பவர்கள் வாய்திறந்து கேட்கத் தயங்கும் மூன்று கேள்விகளுக்கு அந்த உரை விடை சொல்ல வேண்டும். இந்த வகுப்பு முடியும்போது என்னால் எதைப் பேச முடியும்? ஓட்டி எனப்படும் கூடுதல் நேர வேலை இருக்கும் நாளில் வர முடியாமல் போனால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா? எனக்கு எழுத்துத் தெரியாது என்பது பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடுமா? இந்த மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்னால் உரை தன் வேலையைச் செய்துவிட்டது. நிறுவனத்தின் வரலாறு, ஏற்பாட்டாளர்களுக்கு நன்றி, ஆங்கிலத்தின் அருமை பெருமை ஆகியவை அன்றைக்குத் தேவையில்லை.

எழுதத் தொடங்கும் முன்

உரையை எழுதுவதற்கு முன் சில செய்திகளைத் திரட்டிக்கொள்ளுங்கள். வகுப்பு தங்குவிடுதிக்குள் நடக்கிறதா, வெளியே நடக்கிறதா என்பது முதலாவது. வெளியே என்றால், துவாஸ், கிராஞ்சி போன்ற தொலைவான இடங்களில் தங்கியிருப்பவர்கள் எந்தப் பேருந்தைப் பிடித்துத் திரும்ப வேண்டும் என்பதை அறிந்து, வகுப்பு முடியும் நேரத்தை அதற்கேற்ப வைக்க வேண்டும். அந்த நேரத்தை உரையில் சொல்லவும் வேண்டும். 9.30 மணிக்கு முடியும் என்று சொல்லிவிட்டு 9.45 வரை இழுக்கும் ஆசிரியருக்கு மறுவாரம் ஆள் குறைவதில் வியப்பில்லை. மறுநாள் விடியலில் எழ வேண்டியவருக்குக் கால் மணி நேரத் தூக்கம் பெரிது.

இரண்டாவதாக, வகுப்புக்கு யார் பணம் தருகிறார்கள், வருகைப் பதிவேடு யார் கைக்குப் போகிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேலை அனுமதியில் வந்திருப்பவரின் தங்குவிடுதிப் படுக்கை, சம்பளம், ஊர் திரும்பும் பயணம் எல்லாம் முதலாளியோடு கட்டுண்டு கிடப்பதால், வகுப்பில் தான் சொல்லும் ஒரு சொல் நிறுவனத்தின் காதுக்குப் போகுமோ என்ற அச்சம் அவருக்கு இயல்பாகவே இருக்கும். போகாது என்பது உண்மையானால் அதை உரையில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பெயர்ப் பட்டியல் நிறுவனத்துக்குப் போகிறது என்றால் அதையும் மறைக்காமல், என்ன போகிறது, என்ன போகாது என்று பிரித்துச் சொல்லுங்கள்.

முதல் படி: வரவேற்பைத் தமிழில் தொடங்குதல்

ஆங்கில வகுப்பில் முதல் சொல்லிலிருந்தே ஆங்கிலம் மட்டும் பேச வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. பாடத்தின் நடுவே அது பயன்படலாம். ஆனால் விதிகளையும் வாக்குறுதிகளையும் புரியாத மொழியில் சொல்வதால் ஒருவருக்கும் நன்மை இல்லை. புரியாததற்குத் தலையாட்டும் பழக்கத்தைத்தான் இந்த வகுப்பு மாற்றப்போகிறது. முதல் பத்து நிமிடங்களில் அதே பழக்கத்தை நாமே வளர்க்கலாகாது. எனவே உரை முழுவதையும் தமிழில் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரே ஓர் ஆங்கில வாக்கியத்தை மட்டும் கற்றுக்கொடுங்கள்.

புதுக்கோட்டை, சிவகங்கை, திருவாரூர் என்று வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள் ஒரே அறையில் இருப்பார்கள். தாளில் எழுத்துத் தமிழில் இருந்தாலும், வாயால் சொல்லும்போது பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்லுங்கள். ஆனால் மரியாதைப் பன்மையை மட்டும் விடாதீர்கள். இருபத்திரண்டு வயது இளைஞரையும் நாற்பத்தைந்து வயதுக்காரரையும் "நீங்கள்" என்றே அழையுங்கள். அவர்கள் தங்களுக்குள் அண்ணே, தம்பி என்று அழைத்துக்கொள்வது அவர்களின் உரிமை. ஆசிரியர் எடுத்த எடுப்பிலேயே "தம்பி, வா, போ" என்று பேசினால், தளத்தில் கேட்கும் அதே குரல் இங்கும் ஒலிக்கும்.

பெயர் கூப்பிடும் முறையும் இதில் அடங்கும். வேலை அனுமதி அட்டையில் தொழிலாளியின் பெயரும் தந்தையின் பெயரும் சேர்ந்தே இருப்பதால், எது யாருடைய பெயர் என்று அறியாத மேற்பார்வையாளர்கள் பலரை அவர்களின் தந்தை பெயரால் அழைத்துவருகிறார்கள். வருகைப் பட்டியலை அப்படியே உரக்கப் படித்தால் நீங்களும் அதையே செய்வீர்கள். உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, அந்தப் பெயரை நீங்களே தமிழில் பெரிதாக எழுதி மேசைமேல் வையுங்கள். எழுதும் வேலையை அவர்களிடம் கொடுக்காததற்குக் காரணம் பின்னால் வருகிறது.

இரண்டாம் படி: நிறைவேற்றக்கூடிய வாக்குறுதி

"மூன்றே மாதத்தில் சரளமாக ஆங்கிலம்" என்று சொல்ல எந்த ஆசிரியருக்கும் உரிமையில்லை. வாரம் ஒரு முறை, 2 மணி நேரம், 12 வாரம் என்றால் மொத்தம் 24 மணி நேரம்தான். ஆங்கிலத் தேர்வுகளை நடத்தும் கேம்பிரிட்ஜ், அன்றாடத் தேவைக்கு எளிமையாகப் பேசி எழுதும் ஏ2 நிலையை எட்டுவதற்கு, ஆசிரியர் துணையோடு கற்கும் நேரமாக ஏறத்தாழ 180 முதல் 200 மணி நேரத்தைக் குறிப்பிடுகிறது. நம் வகுப்பு அதில் ஏழில் ஒரு பங்குகூட நிறையாது. அதே போல், ஆங்கிலம் கற்றால் சம்பளம் உயரும் என்றும் சொல்லாதீர்கள். அது முதலாளியின் முடிவையும் தொழில்திறன் சான்றிதழ்களையும் பொறுத்தது.

அந்த 24 மணி நேரத்தில் உண்மையாகவே செய்யக்கூடியவற்றில் மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு காட்சியாகச் சொல்லுங்கள். கட்டுமானத் தொழிலாளர்களுக்கு நான் பரிந்துரைப்பவை இவை. காலையில் வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் புரியாததைத் திருப்பிக் கேட்பது முதலாவது. மருத்துவரிடம் எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து வலிக்கிறது என்று தானே சொல்வது இரண்டாவது. விபத்து நேர்ந்தால் 995 என்ற எண்ணை அழைத்து, என்ன நடந்தது, எந்த இடம் என்று சொல்வது மூன்றாவது.

மூன்றாவதில் சிங்கப்பூருக்கே உரிய ஒரு வசதி இருக்கிறது. இங்கு ஆறு இலக்க அஞ்சல் குறியீடு பொதுவாக ஒரு தனிக் கட்டடத்தையே சுட்டுவதால், தெருப் பெயரை உச்சரிக்கத் திணறுபவரும் ஆறு எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லித் தங்குவிடுதியின் இடத்தைத் தெரிவித்துவிடலாம். புதிதாக எழும்பும் தளத்துக்கு அந்தக் குறியீடு இன்னும் இல்லாமல் இருக்கலாம். அப்போது தளத்தின் வாயில் அமைந்துள்ள சாலையின் பெயரையும் பக்கத்துக் கட்டடத்தின் எண்ணையும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும்.

எண்களைப் பற்றிப் பேசும்போது ஒரு சிறு சான்றையும் காட்டிவிடலாம். 15, 50 ஆகிய இரண்டையும் ஆங்கிலத்தில் நீங்கள் சொல்லிக் காட்டி, எது எது என்று கேளுங்கள், பலர் தவறவிடுவார்கள். 15இல் அழுத்தம் கடைசி அசையில் விழுகிறது, இறுதி ஒலியும் நீள்கிறது. 50இல் அழுத்தம் முதல் அசையில் விழுந்து, கடைசி அசை குறுகிவிடுகிறது. அசையழுத்தத்தைக் கொண்டு பொருளைப் பிரிக்கும் வழக்கம் தமிழில் இல்லாததால் நம் காது அதைக் கவனிப்பதில்லை. 15 மில்லிமீட்டரும் 50 மில்லிமீட்டரும் மாறினால் தளத்தில் என்ன ஆகும் என்பதை அவர்களுக்கு நீங்கள் விளக்க வேண்டியதே இல்லை; தாங்கள் எதற்காக வந்தோம் என்பது அந்த ஒரு நிமிடத்தில் அவர்களுக்கே விளங்கிவிடும்.

மூன்றாம் படி: வர முடியாத நாள்களுக்கான விதி

இதை உரையில் சொல்லாமல் விட்டால், ஒரு வாரம் வராதவர் வெட்கப்பட்டு அடுத்த வாரமும் வரமாட்டார். மூன்றாம் வாரம் அவரை நீங்கள் இழந்திருப்பீர்கள். கான்கிரீட் ஊற்றும் நாளில் வேலையைப் பாதியில் விட்டு வர முடியாது. லாரி தாமதமாக வருவதும் அவர் கையில் இல்லை. எனவே விதி இப்படி இருக்கட்டும்: வர முடியாவிட்டால் காரணம் சொல்லத் தேவையில்லை, அரை மணி நேரம் தாமதமாக வந்தாலும் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து உட்காரலாம், ஒவ்வொரு வகுப்பின் முதல் 15 நிமிடங்களும் சென்ற வாரப் பாடத்துக்கே உரியவை.

இந்த விதிக்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு பாடமும் தனித்து நிற்குமாறு அமைய வேண்டும். சென்ற வாரம் வராதவருக்கு இந்த வாரம் ஒன்றும் புரியாது என்ற நிலையில் பாடத்திட்டம் இருந்தால், நீங்கள் உரையில் சொன்னது வெறும் வாய்ச்சொல்லாகிவிடும். அப்படி அமைக்க முடியாதவர்கள் இந்த வாக்குறுதியைக் கொடுக்காமல் இருப்பதே நேர்மை.

நான்காம் படி: எழுத்தறியாதவரைக் காப்பது

என் கருத்தில் முழு உரையிலும் மிகவும் நுணுக்கமான இடம் இதுதான். பட்டயப் படிப்பு முடித்தவரும், ஐந்தாம் வகுப்போடு நின்றவரும், தமிழையே தட்டுத்தடுமாறிப் படிப்பவரும் ஒரே வரிசையில் அமர்ந்திருப்பார்கள். "இங்கே யாருக்கு ஏபிசிடி தெரியாது? கை தூக்குங்கள்" என்று கேட்கும் ஆசிரியர் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்; ஆனால் கை தூக்காமல் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் மறுவாரம் வருவதில்லை. நுழைந்தவுடன் நிரப்பச் சொல்லி நீட்டப்படும் படிவமும் அதே தீங்கைச் செய்கிறது.

அவர்களை அடையாளம் காண வேறு வழிகள் உள்ளன. தாளைக் கொடுத்தால் பார்க்காமலேயே பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளுபவர், கண்ணாடியை விடுதியில் வைத்துவிட்டேன் என்பவர், தாளைத் தலைகீழாகப் பிடித்தபடி மற்றவர் முகத்தைப் பார்ப்பவர் ஆகியோரைக் கவனித்து மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியை உண்மையாகவே மறந்தவரும் இருப்பார் என்பதால், அன்றே எந்த முடிவுக்கும் வர வேண்டாம். இரண்டாம் மூன்றாம் வாரத்தில், யாரும் இல்லாதபோது, தனியே பேசிக்கொள்ளலாம். உரையில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: இங்கே யாரையும் தனியாக எழுப்பிப் படிக்கச் சொல்லமாட்டோம். அதைச் சொன்ன பிறகு 12 வாரமும் அதைக் காப்பாற்ற வேண்டும்.

ஐந்தாம் படி: அன்றே கையில் கொடுக்கும் ஒரு வாக்கியம்

முதல் வாக்கியமாகத் தன் பெயரைச் சொல்வதைக் கற்றுக்கொடுப்பது வழக்கம். சிங்கப்பூருக்கு வந்து சில மாதமான எவருக்கும் அது தெரிந்திருக்கும். நான் தேர்ந்தெடுப்பது, "சாரி பாஸ், ப்ளீஸ் ஸே அகெய்ன்" என்பதை. மேற்பார்வையாளர் வேகமாகச் சொன்னதற்கு "ஓகே, கேன்" என்று தலையாட்டிவிட்டு, பிறகு நண்பரிடம் "என்ன சொன்னார்?" என்று கேட்பது தளங்களில் அன்றாடம் நடக்கிறது. நண்பருக்கும் புரியாத நாளில்தான் ஆபத்து. திருப்பிக் கேட்பதற்கு மரியாதையான ஒரு வாக்கியம் கையில் இருந்தால், மறுநாள் காலை ஏழரை மணிக்கே அதைப் பயன்படுத்திவிடலாம்.

மூன்று முறை எல்லாரும் சேர்ந்து சொல்லட்டும்; பிறகு இருவர் இருவராக, ஒருவர் வேகமாக ஏதோ ஓர் எண்ணைச் சொல்ல, மற்றவர் இந்த வாக்கியத்தால் திருப்பிக் கேட்கட்டும். "ப்ளீஸ்" என்பதைச் சிலர் "பிளீஸ்" என்று இகரம் சேர்த்துச் சொல்வார்கள்; தமிழில் சொல்லின் தொடக்கத்தில் இரு மெய்கள் சேர்ந்து வருவதில்லை என்பதே காரணம். அன்றைக்கு அதைத் திருத்த வேண்டாம். கேட்பவருக்குப் புரிகிறது; புரியும் பேச்சை முதல் நாளே திருத்தினால் வாய் மூடிக்கொள்ளும்.

முழு உரையின் மாதிரி

தங்குவிடுதி ஒன்றின் பொழுதுபோக்கு அறையில், இரவு 8.00 மணி முதல் 10.00 மணி வரை, 12 வாரம் நடக்கும் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய இருபது பேர் வந்திருக்கிறார்கள். வருகை விவரம் நிறுவனத்துக்குப் போவதில்லை. நிதானமாகச் சொன்னால் உரை மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மீதி நேரம் எண் சான்றுக்கும் வாக்கியப் பயிற்சிக்கும்.

"எல்லாருக்கும் வணக்கம். வேலை முடித்துக் களைப்போடு வந்திருக்கிறீர்கள். சாப்பிடாதவர்கள் பின்னால் இருக்கும் ரொட்டியையும் தேநீரையும் இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள், சாப்பிட்டுக்கொண்டே கேட்கலாம். வகுப்பு சரியாகப் பத்து மணிக்கு முடிந்துவிடும்.

இது 12 வார வகுப்பு. 12 வாரத்தில் ஆங்கிலம் முழுவதையும் கற்றுவிட முடியாது. ஆனால் மூன்று வேலைகளை உங்களால் செய்ய முடியும். காலை மீட்டிங்கில் புரியாததைத் திருப்பிக் கேட்பீர்கள். டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்பதை நீங்களே சொல்வீர்கள். யாருக்காவது அடிபட்டால் 995க்கு அழைத்து இடத்தைச் சொல்வீர்கள். இந்த மூன்றுக்கும் வேண்டிய பேச்சைத்தான் இங்கே பழகப்போகிறோம்.

ஓட்டி வந்தால் வேலைக்குப் போங்கள். அடுத்த வாரம் வாருங்கள். ஏன் வரவில்லை என்று கேட்கமாட்டேன். தாமதமாக வந்தாலும் நேரே உள்ளே வந்து உட்காருங்கள். ஒவ்வொரு வாரமும் முதலில் சென்ற வாரப் பாடத்தை மறுபடி சொல்லுவேன்.

இங்கே நன்றாகப் படித்தவர்களும் இருக்கிறார்கள், பள்ளிக்கு அதிகம் போக முடியாதவர்களும் இருக்கிறார்கள். யாரையும் தனியாக எழுப்பிப் படிக்கவோ எழுதவோ சொல்லமாட்டேன். காதால் கேட்டு, வாயால் சொல்வதுதான் இந்த வகுப்பு. ஒருவர் சொல்லும்போது மற்றவர் சிரிக்கக் கூடாது. இந்த ஒரு விதியில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன்.

இங்கே நீங்கள் சொல்வது எதுவும் உங்கள் கம்பெனிக்குப் போகாது. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதும் போகாது.

இப்போது ஒரு வாக்கியம் கற்றுக்கொள்வோம். நாளைக் காலையே இது உங்களுக்குப் பயன்படும்."

தவறு எங்கே நேர்கிறது, எப்படித் தெரிந்துகொள்வது

உரை முடிந்ததும் "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் தலையாட்டுவார்கள், அதிலிருந்து எதுவும் தெரியாது. மாறாக, "அடுத்த வாரம் ஓட்டி வந்துவிட்டது. என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "உங்களுக்கு போன் செய்து சொல்ல வேண்டும்" என்றோ "லீவு கேட்க வேண்டும்" என்றோ பதில் வந்தால், விதி சென்று சேரவில்லை; இன்னும் எளிதாக மறுபடி சொல்லுங்கள்.

ஆங்கிலம் ஓரளவு தெரிந்த ஒருவர் எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்வது இன்னொரு சிக்கல். அவரை அடக்கினால் அவர் மனம் புண்படும். விட்டுவிட்டால் மற்றவர்கள் அவரையே வகுப்பின் வாயாக ஏற்றுக்கொண்டு அமைதியாகிவிடுவார்கள். இருவர் பயிற்சியில் அவரை வேகமாகப் பேசும் மேற்பார்வையாளராக நடிக்கச் சொல்லுங்கள். அவருடைய திறமையும் பயன்படும், திருப்பிக் கேட்கும் வாய்ப்பும் மற்றவர்களுக்குக் கிடைக்கும்.

மறுநாள் மாலை, உரையில் சொன்ன வகுப்பு நேரத்தையும் அந்த ஒரு வாக்கியத்தையும் கைபேசிக் குழுவுக்குக் குரல் பதிவாக அனுப்புங்கள். எழுத்தாக அனுப்பினால், யாரைக் காப்பதாக வாக்களித்தீர்களோ அவர்களுக்கே அது போய்ச் சேராது. இரண்டாம் வாரம் வந்தவர்களைவிட வராதவர்களைப் பற்றிக் கவனமாக விசாரியுங்கள்; விடுதி நண்பர்கள் வழியாகக் கேட்டால் ஓட்டியா, ஊருக்குப் போய்விட்டாரா, கூச்சமா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். கூச்சம்தான் காரணம் என்றால், அடுத்த தொகுதி தொடங்கும் முன் உரையில் நான்காம் படிக்குரிய பத்தியை மாற்றி எழுதுங்கள். இந்தத் தொகுதியில் விட்டுப்போனவரிடம் அவருடைய அறை நண்பர் மூலம், படிக்கச் சொல்லமாட்டோம் என்ற அந்த ஒரு வரியை மட்டும் சொல்லி அனுப்புங்கள்.